மகள் என்று அடிக்க

அம்மா இறந்த அன்று அண்ணனும் நானும் கொட்டகலை பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சண்டை போட்டோம். நான் ஒரு சிங்களவரைக் கட்டிக்கொண்டு கினிகத்தேனைக்குப் போனதிலிருந்து அண்ணன் என் முகத்தில் முழிப்பதில்லை. மரண அறிவித்தல் அடிக்க வந்தவரின் பின்னாலேயே நானும் வந்துவிட்டேன். பிள்ளைகள் வரிசையில் என் பெயரை விட்டுவிடுவார் என்று தெரியும். அறிவித்தல் பஸ்ஸில் பூண்டுலோயாவுக்குப் போய் அங்கே ஒட்டப்படும். அம்மாவின் சொந்தங்கள் அதைப் படித்தால், அவர்களுக்கு நான் அம்மாவின் மகளே இல்லை.

கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நானா என்போம். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் புரோகிராமில் அவர் 'அம்மா' என்று தட்டினார். திரையில் வெறும் கட்டங்கள் வந்தன.

"நேத்துதான் மெசின அழிச்சுப் புதுசாப் போட்டாங்க. தமிழ் வருதில்ல."

"சிங்களத்துல அடிங்க. இவளுக்கு அதுதானே புரியும்" என்றார் அண்ணன்.

"பொணம் வீட்ல கெடக்கு. இப்பவும் ஒங்களுக்கு நாக்குல வெசம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

திரையின் மூலையில் மொழி அடையாளமாக ஆங்கிலம் மட்டும் இருந்தது. நானா மொழி அமைப்புகளைத் திறந்தார். தமிழ் போன்ற சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகள் என்ற இடத்தில் சரி அடையாளமே இல்லை. அதைப் போட்டதும் விண்டோஸ் சீடியைக் கேட்டது. தேடி எடுத்துச் செருகினார். கோப்புகள் ஏறிய பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட வேண்டும் என்றார். அண்ணன் பொறுமையிழந்து சிகரெட் பிடிக்க வெளியே போனார்.

திரும்பப் போட்டதும் நோட்பேடில் 'அம்மா' வந்தது. கறுப்புக் கரை போட்ட நானாவின் பழைய அறிவித்தல் டிசைனில் அதையே ஒட்டினால் கேள்விக்குறிகளாக நின்றது. அந்தப் பழைய புரோகிராமுக்குப் புதுத் தமிழ் எழுத்து தெரியாதாம். வேர்டில் அடித்தால் வரும், கரையை அதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அண்ணன் கொடுத்த தாளில் 'மகன்' மட்டும் இருந்தது.

"மகளையும் போடுங்க நானா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டினார். முதலில் 'மகல்' என்று விழுந்தது. அழித்துவிட்டு ஷிப்டை அழுத்தி மறுபடி எல் தட்டினார். மகள். பக்கத்தில் என் பெயர்.

அண்ணன் வந்தபோது பிரிண்டர் ஓடி முடிந்திருந்தது. ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"ஒன் பேர யாரு போடச் சொன்னா?"

"பெத்தவளுக்கு நான் மகதான்."

"இன்னொரு தடவ அடிங்க நானா."

"பூண்டுலோயா பஸ் கெளம்புது தம்பி" என்றார் நானா.

அண்ணன் தாள்களை இழுத்துப் போட்டு, என் பெயரின் மேல் ஒவ்வொன்றாகப் பேனாவால் கோடு இழுத்தார். அழுத்திய அழுத்தில் சில தாள்கள் கிழிந்தன. அந்தத் தாள்களே பஸ்ஸில் போயின.

மறுநாள் பூண்டுலோயாவிலிருந்து வந்த பெரியம்மா நேரே என்னிடம் வந்து கட்டிக்கொண்டு அழுதார். "மத்த பேரையெல்லாம் சும்மா பாத்துட்டுப் போனாங்க தாயி. கோடு போட்டிருந்த ஒன் பேர மட்டும் ஊரே குனிஞ்சு படிச்சிச்சு" என்றார்.