இருமல் நல்லம், விண்மீன் வேண்டாம்

தொலைபேசிக் கடையில் வேலை என்றால் தொலைபேசியோடு வேலை என்று நினைப்பீர்கள். இல்லை, வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறவர்களோடுதான் வேலை. இன்றைக்கு வாங்கில் குகனின் அம்மா. மூன்றாவது வெள்ளிக்கிழமையாக வந்திருக்கிறா. கட்டாரில் இருக்கிற மகன் வெள்ளிக்கிழமை தவறாமல் கடைக்குப் போன் எடுப்பான். மூன்று வெள்ளியாக எடுக்கவில்லை. அதற்குக் காரணம் நான் என்பது அவவுக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். கணக்கு எழுதுகிற மாதிரிக் குனிந்துகொண்டு என்னையே பார்க்கிறார்.

கூட்டாளி எழுதின கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படி மச்சான்?" என்ற கேள்விக்கு முன்னால் நீங்களும் நின்றிருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

குகனின் அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டா: "மனே, உங்கட போனுக்குத்தான் ஏதும் வருத்தமோ?"

குடை

முதலில் எங்கள் கடையின் முறையைச் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் போன் எடுப்பார். பெயரையும் ஆளின் வீட்டையும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிடுவார். நான் சைக்கிளில் ஓடிப்போய் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு வருவேன். அரை மணித்தியாலத்தால் அவர் திரும்ப எடுப்பார். இடையில் ஆமி காவல் நிற்கிற சென்றியில் இறங்கி, சைக்கிளை உருட்டி, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறவேண்டும். ஓ.எல். சோதனையில் பெயிலானவனுக்கு இதைவிட என்ன வேலை கிடைக்கும்? ஆனால் ஒன்று, பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒன்றை இங்கே படித்தேன். ஆட்கள் ஆசையை எப்படிச் சொல்லுகிறார்கள் என்று.

போன் கதைக்கிற கூடு பலகையால் அடித்தது. உள்ளே கதைக்கிறது எல்லாம் வெளியே கேட்கும். ஊறணியிலிருந்து ஒரு அக்கா வருவா. புருஷன் சவூதியில், போய் இரண்டு வருஷம். இடையில் ஆறு மாதம் எங்கள் பக்கம் லைனே இல்லை. லைன் வந்த பிறகு முதல்முதல் அவர் எடுத்தார். அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தா. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒரு பெரிய வசனம் வரும் என்று. அவ கேட்டது இவ்வளவுதான்: "அந்தக் கறுப்புக் குடையை எங்க வச்சிட்டுப் போனீங்க? வீடு முழுக்கத் தேடிட்டன்."

ஆறு வரி

குகனும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவன் பாஸ், நான் பெயில். இரண்டு பேருக்கும் படிப்பு ஒன்றாகத்தான் நின்றது. அவனுக்குக் காரணம் அவனுடைய அப்பா. வாவிக்கு வீச்சுவலையோடு பின்னேரம் போனவர். அன்றைக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. குகன் ஏஜென்சிக்காரனைப் பிடித்துக் கட்டாருக்குப் போனான். அம்மா அமிர்தகழியில் தனிய இருக்கிறா. நெற்றிப் பொட்டை எடுக்கவில்லை. கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

லீவில் வந்த ஒருவரிடம் குகன் கவிதை கொடுத்தனுப்பினான். கூடவே ஒரு துண்டு: "இத அம்மாவுக்கு போனில வாசிக்கப் போறன். முதல் நீ பார்த்துச் சொல்லு. பொய் சொல்லாத." கவிதை இதுதான்:

மாலையானால் நீர்மேல் ஒரு பாதை விழும்.
அந்தப் பாதையில்
அப்பாவுக்கு முதல் அப்பாவின் இருமல் வரும்.
அம்மா, நீ கதவடியில் நிற்பாய்.
தோணி திரும்பாத அந்த நாளிலிருந்து
அப்பா வானத்தில் விண்மீன் ஆனார்.

வாசித்துவிட்டுக் கடை வாசலைப் பார்த்தேன். யாரோ வருகிற மாதிரி இருந்தது. ஒருவரும் இல்லை. திரும்ப வாசித்தேன். கடைசி வரியில் மட்டும் ஏதோ கல் கடிபட்டது. முதலாளியிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம் பொடியன், கையெழுத்து நல்லம்."

பாதியில் அறுந்தது

அடுத்த வெள்ளி எடுத்தான். "அம்மாவக் கூப்பிட முதல் சொல்லு, எப்படி?" என்றான். அவனோடு ஆறுதலாகக் கதைத்து எவ்வளவு நாள்! சுகம் கேட்டிருக்கலாம், சாப்பாடு என்ன என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது. நேரே கல்லில் கை வைத்தேன். "கடைசி வரி சரியில்ல மச்சான், மாத்து. ஆர் செத்தாலும் விண்மீன் எண்டுதான் எல்லாரும் எழுதுறாங்க. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு."

மறுபக்கம் சத்தமில்லை. கட்டார் லைனில் நாம் கதைப்பது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் அந்த இடைவெளி என்று நினைத்தேன். "ஆனா அந்த இருமல் வரி இருக்கே" என்று தொடங்கினேன். டக். அவனுடைய கார்ட் முடிந்ததோ, அவனே வைத்தானோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நல்லதைச் சொல்ல வாய் எடுக்கும்போது லைன் இல்லை. திரும்ப எடுக்கவும் வழியில்லை. அது அவனுடைய வேலையாள் காம்ப் வாசலில் இருக்கிற கார்ட் போன், அதற்கு நம்பர் யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அவன் திரும்ப எடுக்கவேயில்லை.

காத்தான்குடியிலிருந்து தம்பிக்குக் கதைக்க வருகிற துணிக்கடை ஹனிபா காக்கா வரிசையில் நின்றவர். எல்லாம் கேட்டிருக்கிறார். "தம்பி," என்றார், "சட்டையில கிழிசலக் காட்ட முதல் துணி நல்லம் எண்டு சொல்லோணும். இல்லாட்டி ஆள் சட்டையோட போயிருவான்."

முதலாளியின் யோசனை

இப்படியே மூன்று வெள்ளி. அம்மா வந்து இருந்துவிட்டு, கடை பூட்டும் மட்டும் பார்த்துவிட்டுப் போனா. நான் குகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலாளி எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "எல்லாம் நல்லாயிருக்கு, விண்மீன்தான் ஆகத் திறம் எண்டு எழுது. அவன் எடுப்பான். மனிசி அழாம வீட்ட போகும். ஒரு வரியில என்னடா கிடக்கு?" நியாயமான கேள்விதான். அன்றைக்கு முழுக்க யோசித்தேன். ஆனால் "பொய் சொல்லாத" என்று கேட்டவனுக்கு அதை எப்படி எழுதுவது?

இந்தமுறை ஒழுங்கை மாற்றினேன். இப்படி எழுதினேன்: "மூண்டாவது வரி. அத வாசிச்சிட்டு நான் வாசலப் பார்த்தன். முதல் இருமல் கேட்டது, பிறகுதான் உன்ட அப்பா தெரிஞ்சார். நீ எழுதின ஒழுங்கும் அதுதான். அதில ஒரு சொல்லையும் தொடாத. கடைசி வரி. கவிதை முழுக்கத் தண்ணியும் சத்தமும், அதுக்குள்ள விண்மீன் எங்கயிருந்து வந்தது? அது உன்ட கண்ணால கண்டதில்ல, எங்கயோ வாசிச்சது. அதோட நாலாவது வரியில அம்மாவக் கதவடியில நிக்க வச்சிருக்கிறாய். அவ இன்னும் அங்கதான் நிக்கிறா. கடைசி வரியில நீ கதவச் சாத்துறாய். அத போனில கேட்டா அவ என்ன செய்வா? என்ன போடோணும் எண்டு நான் சொல்லமாட்டன். அது உன்ட அப்பா." கீழே ஒன்று கூட்டி எழுதினேன்: "நீ இல்லாம மாமாங்கத் திருவிழாவுக்கும் நான் போகல்ல." அதை வெட்டிவிட்டு, பிறகு வெட்டினதற்கு மேலேயே திரும்ப எழுதினேன்.

உறையை ஒட்டுவதற்கு முதல் முதலாளி வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இத வாசிச்சா அவன் ஒண்டில் எடுப்பான், இல்லாட்டி செத்தாலும் எடுக்கமாட்டான்."

சென்றி

கடிதம் போய்ச் சேர எடுக்கிற நாளும் போய், அதற்கு மேலும் போனது. ஒரு வெள்ளி காலை மணி அடித்தது. "நான்தான்," என்றான். "விண்மீன எடுத்திட்டன். தோணி வரியும் போச்சு. 'நீ கதவடியில் நிற்பாய்' எண்டதோட நிப்பாட்டிட்டன்." சரியான இடம். சொல்லலாம் என்று வாயெடுக்க, அவன் முந்திவிட்டான். "ஒண்டும் சொல்லாத! போய் அம்மாவக் கூட்டி வா. ரிசீவர அவட்டக் குடுத்திட்டு வாயப் பொத்திக்கொண்டு இரு."

அமிர்தகழிக்கு அவ்வளவு வேகமாக நான் மிதித்ததில்லை. அம்மாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு திரும்பி வர, சென்றியில் வரிசை. எங்கள் கடைக்கு ஆள் ஏற்றுகிறவன் என்று அந்த ஆமிக்காரனுக்கு என்னைத் தெரியும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பாயிருப்பான். "கோல்?" என்று கேட்டான். "ஓம், மகன்," என்றா அம்மா. அவன் அட்டையை வாங்காமலே கையைக் காட்டினான். தெரிந்த தமிழை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சொன்னான்: "போங்க அம்மா. எங்க வீட்டில போன் இல்ல."

உலை

மணி அடித்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ரிசீவரைக் கொடுத்தேன். முதலாளி வாயில் விரல் வைத்து என்னைப் பார்த்தார். குகன் வாசித்தான். நாலு வரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அம்மா கூட்டின் பலகையில் கையை வைத்துக்கொண்டு நின்றா. அழவில்லை. ஒரு பிழையைத் திருத்துகிற மாதிரி, அமைதியாகச் சொன்னா: "அது சும்மா இருமல் இல்ல மனே. 'உலையில அரிசியப் போடு, நான் வந்திட்டன்' எண்டு அவர் எனக்குச் சொல்றது."

சொன்னது என்று சொல்லவில்லை, சொல்றது என்றுதான் சொன்னா. மறுபக்கம் சத்தமில்லை. இது லைனின் இடைவெளி இல்லை என்று இந்தமுறை எனக்குத் தெரிந்தது.

ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி குகனும் சொன்னான், முதலாளியும் சொன்னார், ரிசீவரைக் கொடுத்தேன், பிறகு அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டி, "டேய், இருமல் வரிக்குக் கீழ இதப் போடு!" என்று கத்தினேன்.