மஞ்சள் மட்டும் இருந்த செல்

எல்லோரும் லேசர் அக்கா என்று கூப்பிடும் அவளுடைய பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வந்ததில்லை. பத்தொன்பது வருடமாக அந்த ஆராய்ச்சி நிலையத்தின் நுண்ணோக்கி அறை அவள் பொறுப்பு. கட்டுரை எழுதுகிறவர்கள் கடைசியில் பொடி எழுத்தில் ‘நுண்ணோக்கிப் பிரிவுக்கு நன்றி’ என்று ஒரு வரி போடுவார்கள். பிரிவு என்றால் வேறு யாரும் இல்லை. அவள் ஒருத்தி, லேசர் பெட்டிகள், ஒரு கறுப்புத் திரை. அவளுடைய நாத்தனார் அதையும் சுருக்கி, ‘பட்டன் அமுக்குற உத்தியோகம்’ என்பாள்.

இந்த முறை பெயர் வரப்போகிறது. மூன்றாவது பெயராக அவள் பெயரைப் போடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் தப்பு. மனுஷன் வாயில் எதுதான் தங்கியது? மறுநாள் காலைக்குள் நாத்தனார் உட்பட உறவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

திருத்திய கட்டுரையை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அதை வெளியிடும் ஆய்விதழ்க்காரர்கள் புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள்: வெட்டாத முழுப் படங்கள். ஆய்வு மாணவி காலையிலேயே ஓடிவந்து, “எடுத்துக் குடுத்துடுங்கக்கா, நான் கீழ போய் எழுத்து வேலைய முடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினொன்றரைக்கு நான்காவது படத்தைத் திறந்த அக்காவுக்குக் கை அப்படியே நின்றுபோனது.

விஷயம் இதுதான். உயிரோடு இருக்கும் செல்லுக்குள் இரண்டு புரதங்கள் ஒட்டி உறவாடுகின்றனவா என்று தெரிய வேண்டும். இங்கே இருக்கும் எந்த நுண்ணோக்கியாலும் அந்த இடைவெளியை நேரே பார்க்க முடியாது. அதனால் ஒன்றில் நீல ஒளி விடும் மூலக்கூறையும் மற்றதில் மஞ்சள் ஒளி விடுவதையும் கோத்துவிடுவார்கள். நீலத்தை லேசரால் தூண்டினால் அது ஒளி விடும். ஆனால் மஞ்சள் மிக அருகில், பத்து நானோமீட்டருக்குள் இருந்தால், நீலம் தனக்குக் கிடைத்த ஆற்றலில் ஒரு பங்கை ஒளியாக விடாமல் மஞ்சளுக்குக் கைமாற்றிவிடும். அதனால் நீலம் மங்கும். இப்போது மஞ்சளைப் பலமான லேசரால் பொசுக்கிவிட்டால், வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நீலம் பிரகாசமாகும். எவ்வளவு பிரகாசமானதோ, அவ்வளவு ஆற்றல் கைமாறிக்கொண்டிருந்தது என்று கணக்கு. இவர்கள் கட்டுரையில் அது நூறிலிருந்து நூற்றுப்பதினான்கு ஆகியிருந்தது.

நான்காவது படத்தின் வலது ஓரத்தில், கட்டுரைக்காக வெட்டிவிட்ட பகுதியில், இன்னொரு செல் இருந்தது. இந்த இரண்டு புரதங்களுக்கான மரபணுக்களையும் சேர்த்துக் கொடுத்தாலும் சில செல்கள் ஒன்றை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். இது மஞ்சளை மட்டும் வாங்கியது. நீலத்துக்கான படத்தில் கறுப்பாகக் கிடந்தது. பொசுக்குவதற்காக வரைந்த கட்டம் கொஞ்சம் அகலமாகி, அந்தச் செல்லின் ஓரத்தையும் பிடித்திருந்தது. பொசுக்கிய பின் எடுத்த படத்தில், அந்த ஓரம் மட்டும் நீலமாக மின்னியது.

நீலமே இல்லாத செல்லில் நீலம் எங்கிருந்து வரும்? ஒரே வழிதான். பொசுங்கிய மஞ்சளில் ஒரு பங்கு அணையாமல், நீலம் போல் ஒளிரும் வேறொன்றாக மாறியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பதினான்கில் எவ்வளவு நிஜம்?

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று எழுதியதே அவள்தான். பதினொரு வருடத்துக்கு முன் மஞ்சள் மட்டும் உள்ள செல்களைப் பொசுக்கிப் பார்த்தாள், ஒன்றும் மின்னவில்லை. ‘இந்தச் சோதனை தேவையில்லை’ என்று செய்முறைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அதற்குப் பிறகு பழைய லேசர் போய், அதைவிடப் பல மடங்கு பலமான புதியது வந்தது. தாள் மட்டும் அப்படியே இருந்தது.

மாணவியைக் கூப்பிட்டாள். அவள் வந்து திரையைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“வேற படம் வெச்சுடலாமே அக்கா. பக்கத்துல செல் இல்லாத படம் நிறைய இருக்கு.”

அக்கா மின்னிய ஓரத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

“மூணு வருஷம் அக்கா. உங்க பேரும்தானே போகும்?”

அந்த ஒரு நிமிடம் அக்காவுக்கும் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன், பலமாகவே இருந்தது. ஒரு படத்தை மாற்றினால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கத் தெரிந்தவர்கள் இந்த அறையில் இருந்த இரண்டு பேர்தான். நாத்தனாரின் முகம்கூட வந்து போனது.

“மஞ்சள் மட்டும் இருக்குற தட்டு இருக்கா?” என்றாள்.

“இருக்கு. ஒரு நிறத்தோட ஒளி இன்னொண்ணுல கசியுறதைக் கழிக்க ஒவ்வொரு தடவையும் வெக்கிறேனே.”

“அதை ஒரு தடவையாவது பொசுக்கிப் பாத்திருக்கோமா?”

மாணவி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

தட்டு வந்தது. முப்பத்தேழு டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்து, அதே லேசர் பலம், அதே நேரம், அதே கட்டம். மஞ்சள் ஒளியும் கட்டுரையில் இருந்த செல்களுக்குச் சமமாக உள்ளவையாகப் பார்த்துப் பொறுக்கினாள். முதல் செல்லில், கட்டுரையில் இருந்த அதே அளவுகோலில், நீலத்தின் அளவு இரண்டிலிருந்து பதினைந்துக்குப் போனது. மாணவி, “இது ஒண்ணுதானே?” என்றாள். இரண்டாவது, பதினாறு. பத்தாவது செல்லுக்கு மேல் மாணவி எண்ணைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டாள். இருபது செல் முடிந்தபோது மணி மூன்றே கால். சராசரி உயர்வு பதிமூன்றரை.

பதினான்கில் பதிமூன்றரை போனால் மிச்சம் இருப்பது எந்த அளவீட்டிலும் வரும் பிசிறு.

பேராசிரியர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். எண்களைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்தச் சோதனைய ஏன் முதல்லயே பண்ணல?” என்று மாணவியைப் பார்த்துக் கேட்டார்.

மாணவி வாயைத் திறக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளின் பக்கம் அவள் கண் போகவும் இல்லை. அதுதான் அக்காவைக் குத்தியது.

“அவளைக் கேக்காதீங்க சார். தேவையில்லைன்னு எழுதினது நான். லேசர் மாறினப்ப திரும்பப் பாத்திருக்கணும், பாக்கல.”

அவர் சுவரில் இருந்த தாளின் பக்கம் போய், அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

“அனுப்ப வேண்டாம்” என்றார் கடைசியில். “பொசுக்காம, நீலத்தைத் தூண்டிவிட்டு அதோட ஒளி அணைய எவ்வளவு நேரமாகுதுன்னு அளந்து பாக்கலாம். ஆற்றல் கைமாறினா சீக்கிரம் அணையும். ரெண்டு புரதமும் சேர்றதே இல்லைன்னு இப்பவே சொல்லிட முடியாது. சேருதுன்னும் சொல்ல முடியாது.” வாசலில் நின்று திரும்பினார். “இந்த லேசர் வந்தப்புறம் இதே முறைய வேற யாரெல்லாம் பண்ணியிருக்காங்க?”

அக்கா அதைத்தான் ஒரு மணியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் எண்ணியும் வைத்திருந்தாள். நாற்பத்து மூன்று பேர். அதில் ஆறு பேரின் கட்டுரை வெளியாகிவிட்டது.

“அவங்க எல்லாருக்கும் நான் எழுதிடுறேன் சார்.”

கதவு மூடியது. மாணவி மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கணினி முன் அமர்ந்தாள். செய்த தவறு என்ன, எந்தத் தேதியிலிருந்து, எந்தப் படங்களை நம்பக் கூடாது, எப்படிச் சரிபார்ப்பது, எல்லாம் எட்டு வரியில் முடிந்தது. கடைசியில் வழக்கம்போல ‘நுண்ணோக்கிப் பிரிவு’ என்று கை தானாகவே அடித்துவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, தன் முழுப் பெயரை அடித்தாள். நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பினாள்.