இருபத்திரண்டாம் கட்டம்

அவருடைய இயற்பெயர் படகுப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'பூட்டு'. மீனை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால், "கடல்ல" என்பார். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

மீன் இறங்குதளத்தை ஒட்டியிருந்த மீன்வள அலுவலகத்தில் நான் எழுத்தர். அலுவலகம் என்றால் ஒரே அறை. ஒரு மேசை, வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, சுவரில் கட்டம் கட்டமாக எண் போட்ட கடல் வரைபடம். படகைப் பதிவு செய்வது, ஆண்டுதோறும் மீன்பிடி உரிமத்தைப் புதுப்பிப்பது, அன்றன்று பிடித்த மீனைப் படகுக்காரர்கள் எழுதித் தரும் பிடிப்புப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவது, எல்லாம் என் தலையில்தான்.

பூட்டு அண்ணனின் படகை அளந்ததும் நான்தான். ஆறரை மீட்டர், ஒன்பது குதிரைத்திறன் எஞ்சின். பதிவு எண்ணை அவரே முகப்பில் எழுதினார். கடைசி இலக்கத்துக்கு இடம் போதாமல் அது மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. "பரவால்ல மேடம், கடலுக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

சின்னப் படகுகளும் பிடிப்புப் புத்தகம் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்த ஆண்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னோடு மல்லுக்கு நின்றார்.

"பெரிய கப்பல்காரன் டன் கணக்குல அள்ளுறான். அவன விட்டுட்டு என் கூடையில கை வைக்கிறீங்க."

"அவங்க ரொம்ப வருஷமா எழுதிட்டுத்தாண்ணே இருக்காங்க. உங்கள மாதிரி முந்நூறு படகு இருக்கு. ஆளுக்கு ஒரு கூடைனாலும் கூட்டிப் பாருங்க. எந்த மீன் குறையுது, யாரு எங்க பிடிக்கிறாங்கனு எழுதினாத்தானே தெரியும்? நாளைக்கு உங்க இடத்துல யாராவது வேற வேலைக்கு வந்தா, இது நாங்க பிழைக்கிற இடம்னு காட்ட வேற என்ன ஆதாரம் இருக்கு?"

"இடத்தையுமா எழுதணும்?"

"கட்ட எண் மட்டும் போதும். வேற யாரும் பாக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன் என்றால் காப்பாற்றியாவது இருக்க வேண்டும்.

முதல் மாதம் அவர் உண்மையைத்தான் எழுதினார். எழுதியது அவர் மனைவி. அக்காவின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அண்ணன் சொல்லச் சொல்ல தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், தூண்டில், கட்டம் பதினான்கு, கலவாய் இத்தனை கிலோ என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார். என் மேசையில் இடமில்லை. புத்தகங்களைப் பெஞ்சின் மேல் அடுக்கினேன். உரிமம் புதுப்பிக்க வந்து காத்திருந்த இரண்டு பேர் பொழுதுபோகாமல் புரட்டினார்கள். நான் பார்த்தேன், தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு படகுகள் பதினான்காம் கட்டத்தைச் சல்லடை போட்டுத் தேடின. பூட்டு அண்ணன் ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவர்களும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அடுத்த மாதப் புத்தகம் கொடுக்க வந்தபோது அவர் பெஞ்சின் மேலிருந்த அடுக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். புத்தகத்தில் கட்டம் இருபத்திரண்டு என்று இருந்தது.

இருபத்திரண்டு கரைக்கு அருகில், வெறும் சேறு. கலவாய் பாறை இடுக்கில் வாழும் மீன். போய்வர ஒரு மணி நேரம்கூட ஆகாத இடத்துக்கு அவர் விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டுப் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பியதாக அக்காவின் அழகான எழுத்து சொன்னது. பொய் என்று எனக்கு அன்றே தெரியும். கேட்டால் பெஞ்சில் புத்தகங்கள் கிடந்த பேச்சு வரும். எனக்கு அது வேண்டாம். பன்னிரண்டு மாதப் புத்தகமும் வந்ததா, உரிமத்தைப் புதுப்பித்தோமா, வேலை முடிந்தது. இப்படியே ஆறு ஆண்டுகள் ஓட்டினேன்.

பிறகு துறைமுகக் கால்வாயை ஆழப்படுத்தும் வேலை வந்தது. தோண்டும் சேற்றைக் கடலில் எங்கே கொட்டுவது? மீன்பிடி இல்லாத இடமாக வேண்டும் என்று எங்கள் பதிவுகளைக் கேட்டார்கள். அச்சிட்டுக் கொடுத்ததும் நான்தான். பதினான்காம் கட்டம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அவர் பிடிக்கும் இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

ஏலக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சேறு கொட்டப்போவது பதினான்காம் கட்டத்தில் என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி அறிவித்ததும் பூட்டு அண்ணன் எழுந்தார்.

"அங்க பார் இருக்கு சார். கடலடியில நீளமா பாறை. கலவாய் அங்கதான் முட்ட வைக்குது. நான் அங்கதான் பிடிக்கிறேன்."

வாழ்நாள் ரகசியத்தை ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதிகாரி கெட்டவர் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க படகு பதினாலுல ஒரே ஒரு மாசம்தான் இருக்கு. மீதி எழுபத்தொரு மாசமும் இருபத்திரண்டு. கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். அது பொய். எழுதிக்குங்க."

"பொய்ப் பதிவுன்னா உரிமத்தையே நிறுத்தி வைப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"நிறுத்துங்க. சேத்த மட்டும் அங்க கொட்டாதீங்க."

அக்கா அப்போதுதான் எழுந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. அதிகாரியை அவர் பார்க்கவே இல்லை.

"என் கையால பொய் எழுத வச்சீங்களே, அதுகூடப் போகட்டும். ஒரு நாள் நீங்க திரும்பி வரலன்னா, நான் எங்க போய்த் தேடச் சொல்லியிருப்பேன்? சேத்துல தேடச் சொல்லியிருப்பேனே!"

அண்ணன் உட்கார்ந்தார்.

அன்றிரவே நான் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன்: பிடிபட்டது கலவாய், கலவாய் சேற்றில் வாழாது, ஆகவே அவர் சொல்வது உண்மை. பதிவு பொய் என்று படகுக்காரரே ஒப்புக்கொண்ட பிறகு அதிலுள்ள மீனின் பெயரை எப்படி நம்புவது என்று பதில் வந்தது. ஆறு ஆண்டு தாமதமாக எழுதியவளுக்கு அதற்கு மேல் வாதாட முகமில்லை. அவருடைய உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தினார்கள். அந்த மூன்று மாதத்தில் பாரின் மேல் சேறு கொட்டி முடிந்தது.

தடை முடிந்த அன்று காலை அவர் வந்தார். தூண்டிலை விட்டுவிட்டுக் கரையோரம் வலை போடப்போவதாகச் சொல்லி, உரிமத்தில் மாற்றித் தரும்படி கேட்டார். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன். அவர் பெஞ்சில் உட்காரவில்லை.

"கலவாய் சேத்துல இருக்காதுனு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியும்ணே."

"ஒரு தடவ கேட்டிருக்கலாமே."

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. விலை விசாரிப்பது போலக் கேட்டார். கேட்டிருந்தால் மட்டும் நீங்கள் சொல்லியிருப்பீர்களா என்று என் வாய் வரை வந்துவிட்டது. அவரே முந்திக்கொண்டார்.

"சொல்லியிருப்பேன். மொத மாசம் சொன்னேன்ல."

நான் பேனாவை எடுத்து, உரிமத்தில் தூண்டில் என்பதை அடித்துவிட்டு வலை என்று எழுதினேன்.