நான்காவது பகுதியை நான் எடுக்கவில்லை

மகளின் முன்பள்ளி இருக்கிற ஒழுங்கை வழியாகத்தான் துறைமுகப் பக்கமிருந்து வரும் லொறிகளும் போகின்றன. பிள்ளைகள் இறங்கும் நேரமும் லொறிகள் வரும் நேரமும் ஒன்றுதான். ஒருநாள் பக்கக் கண்ணாடி ஒன்று மகளின் புத்தகப்பையை உரசிக்கொண்டு போனது. அன்று பின்னேரமே முகநூலில் நீளமாக ஒரு பதிவு எழுதினேன்.

நீளம்தான் பிழையாகிப்போனது. லொறிகளை அந்த நேரத்துக்கு அனுப்பும் கம்பனிகளைப் பற்றி ஒரு பந்தி எழுதி, அடுத்த பந்தியை "இவர்களுக்குப் பிள்ளைகளின் உயிர் பெரிதில்லை" என்று தொடங்கியிருந்தேன். யாரோ அந்த இரண்டாவது பந்தியை மட்டும் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். சாரதிகளைத்தான் நான் சொன்னேன் என்றாகிவிட்டது. முன்பள்ளி வாசலில் ஒரு சாரதியின் மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மகனும் அதே ஒழுங்கையில்தான் இறங்குகிறான்.

பதிவை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, குறும்பதிவுகள் போடுகிற இன்னொரு தளத்தில் அதையே ஏழு துண்டாக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக, இலக்கமிட்டுப் போடுவதென்று முடிவெடுத்தேன். எந்தத் துண்டை யார் பிடுங்கிக்கொண்டு போனாலும் அதற்குள்ளேயே என் கருத்து முழுதாக இருக்க வேண்டும்.

கிண்ணியாவில் படிப்பிக்கிற என் தோழிக்கு ஐந்தாவதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மற்றவற்றைக் காட்டவில்லை.

"என்ன புள்ள இது? 'அதே நேரத்தில்' எண்டால் எந்த நேரம்? ஆரு நிப்பாட்டோணும், எதை நிப்பாட்டோணும்?" என்று குரல் பதிவு வந்தது.

"மேலே எழுதியிருக்கிறன்."

"மேலே இருக்கிறது எனக்குத் தெரியாதே. திருப்பி எழுது."

எழுதினேன். "அதே", "இவர்கள்", "மேலே சொன்னபடி" எல்லாவற்றையும் வெட்டினேன். பெற்றோரான எங்கள் கோரிக்கை, காலையில் அரை மணித்தியாலமும் மதியம் அரை மணித்தியாலமும் லொறிகள் பெரிய வீதியால் சுற்றிப் போக வேண்டும் என்பதே. அது எல்லாத் துண்டிலும் வந்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேனோ என்று கூச்சமாக இருந்தது. தோழி விடவில்லை. ஒழுங்கில்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாசித்து, "இப்ப விளங்குது" என்று சொன்ன பிறகே ஏழையும் போட்டேன்.

நான்காவது இப்படி இருந்தது: "4/7. முன்பள்ளி ஒழுங்கையில் வேகமாக வருவது சாரதியின் ஆசையல்ல. நேரத்துக்கு வராவிட்டால் கம்பனி அவருக்கு அடுத்த ஓட்டம் கொடுப்பதில்லை. பிள்ளைகள் இறங்கும் அரை மணித்தியாலமும் ஏறும் அரை மணித்தியாலமும் லொறிகளைச் சுற்றுப்பாதையால் அனுப்பும்படி கம்பனிகளைத்தான் கேட்கிறோம்."

என் கணவர் அப்படியொரு கம்பனியின் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறார்.

வேலையால் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"நாலாவதை மட்டும் எடும். மற்றதெல்லாம் இருக்கட்டும்."

"ஏன்?"

"ஏன் எண்டு உமக்குத் தெரியும். ஒவ்வொண்டும் தனித்தனிய நிக்கும் எண்டு நீர்தானே சொன்னீர்? அப்ப ஒண்டை எடுத்தால் மற்றதெல்லாம் இடிஞ்சு விழுமே?"

நான் பெருமையாகச் சொன்னதை வைத்தே என்னை மடக்கிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். எதுவும் இடிந்து விழாது. நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். வீட்டு வாடகை, மகளின் பால்மா, மாமியின் மருந்து எல்லாம் அவருடைய சம்பளத்தில்தான். அவர் வேலை போனால் அதற்கு நான் எழுதிய ஒரு துண்டுதான் காரணமாக இருக்கும்.

"எடுக்க ஏலாது," என்றேன். "மூண்டுக்குப் பிறகு அஞ்சு நிக்கும். ஆர் எடுக்கச் சொன்னது எண்டு கேப்பினம்."

"ஊர் இருந்து இலக்கம் எண்ணுதோ?"

"நான் எண்ணுறன். நாலு இல்லாட்டில் பழி திரும்பவும் சாரதிமாரின்ர தலையிலதான். அந்தப் பிள்ளையின்ர அம்மாவின்ர முகத்தை நான் நாளைக்கும் பாக்கோணும். நீங்கள் உங்கட முகாமையாளரின்ர முகத்தைப் பாருங்கோ."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய கதை கதைத்துவிட்டேன் என்று விளங்கியது. அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் தன் வாட்ஸ்அப்பைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நான்காவது துண்டு, அது மட்டும். முகாமையாளர் அவருக்கு அனுப்பியதாம், கீழே "உம்முடைய மனிசியோ?" என்ற கேள்வியோடு. கணவர் "ஓம்" என்று பதில் போட்டிருந்தார். அதற்கு முகாமையாளர் எழுதிய அடுத்த வரி: "அரை அரை மணித்தியாலம்தானே கேக்கிறா, நானும் பாத்தனான்." அது சம்மதமா மிரட்டலா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் முகாமையாளர் முழுவதையும் வாசிக்கவில்லை, அந்தத் துண்டை மட்டும்தான் வாசித்திருந்தார். அதிலேயே நாங்கள் கேட்டது முழுதாக இருந்தது.

அடுத்த நாள் காலையும் லொறிகள் அதே நேரத்துக்கே வந்தன. சாரதியின் மனைவி வாசலில் என் பக்கத்தில் வந்து நின்று, தன் மகனின் கையை ஒரு கையாலும் என் மகளின் பையை மறு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நான்கு இருந்தது. அது இருக்கும்.