கோட்டோரத்தில் நின்ற செல்வம் அண்ணை

சனிக்கிழமை மகளை உதைபந்துப் பயிற்சிக்கு ஏற்றிப் போனேன். டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டே ஊர் மைதானத்தில் ஈரப் புல்லும் புதுப் பெயின்டும் சேர்ந்து மணத்தன. பயிற்சியாளர் நீளவாக்கில் நாலு கோடு போட்டு மைதானத்தை ஐந்து பாதைகளாகப் பிரித்திருந்தார். மகள் இடது ஓரத்தில் அசையாமல் நின்றாள். "ஓடு பிள்ளை!" என்று கத்தினேன். இதுதான் தன் இடம் என்று டெனிஷில் அதட்டினாள். சரியாகத்தான் சொன்னாள். எனக்கு உடனே செல்வம் அண்ணையின் ஞாபகம் வந்தது.

ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள். நாங்களும் ஒருகாலத்தில் தமிழ் ஆட்களாகச் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தோம். பாதிப்பேர் காற்றாலை இறகு செய்கிற தொழிற்சாலையில் வேலை. அணியின் உயிர் செல்வம் அண்ணை. எழுபதுகளில் ஹொலண்ட்காரர் ஆடிய ஆட்டத்தைப் பழைய ஒளிநாடாக்கள் தேயும்வரை பார்த்தவர். கன்டீன் மேசையில் கோப்பைகளை நகர்த்தி விளக்குவார். "பின்னுக்கு நிக்கிறவன் முன்னுக்குப் போனா, நடுவில நிக்கிறவன் அவன்ரை இடத்துக்கு இறங்க வேணும். ஆள் மாறலாம், இடம் வெறுமையா இருக்கக் கூடாது." பந்து பறிபோனால் எல்லோரும் சேர்ந்து நெருக்குவது, பின்வரிசை ஒரேயடியாக மேலேறி எதிரியை ஆஃப்சைடில் மாட்டுவது, எல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

ஒரேயொரு தொல்லை, அந்த ஆட்டத்துக்குக் கால் வேண்டும், மூச்சு வேண்டும். பிறகு வந்த இத்தாலிக்காரர் ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காத்தார்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே இடைவெளியைச் சுருக்கி, ஓட்டத்தையும் சுருக்கினார்கள். அதற்கும் பிறகு வந்த பயிற்சியாளர்கள் ஹொலண்ட் யோசனையையே ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். ஆள் பந்தைத் தேடிப் போகக் கூடாது, பந்துதான் ஆளைத் தேடி வரவேண்டும். ஒரே நீளப் பாதையில் மூன்று பேர் நிற்கக் கூடாது. ஒரு பக்கம் ஆட்களைக் குவித்து எதிரியை இழுத்துவிட்டு, மறு பக்கம் தனியே நிற்பவனுக்கு நீளமாக மாற்றிவிட வேண்டும். அந்த ஓரத்தில் நிற்பவன் பந்தே தொடாவிட்டாலும் எதிரணியை அகலமாக விரித்து வைக்கிறான். இதையெல்லாம் வேலைத்தலத்து டெனிஷ் நண்பன் ஒருவன் எனக்குச் சொல்லித் தந்தான். நானும் பெரிய மேதை மாதிரி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன்.

பக்கத்து ஊரான கிரின்ஸ்டெட்டில் கோடைச் சுற்றுப்போட்டி வந்தது. செல்வம் அண்ணைக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. முன்னுக்கு ஏறினால் திரும்பி வர முடியாது, அவர் விட்ட இடத்தால் கோல் விழும். ஆனால் "அண்ணை, உங்களுக்கு ஏலாது" என்று எங்களில் யார் வாய் திறப்பது? எங்கள் ஊர் மரியாதை எங்களைக் கட்டிப்போட்டது. கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன்.

"அண்ணை, நீங்கள் இடது கோட்டோடை நில்லுங்கோ. அகலம் பிடிக்கிறதுதான் இப்ப பெரிய வேலை."

"ஓம் தம்பி, நிக்கிறன்" என்றார்.

மனுசன் நின்றார். நாங்கள் வலப்பக்கம் குவிந்து குறுக்கும் நெடுக்கும் கொடுத்து ஆடினோம். எதிரணி முழுக்க எங்கள் பக்கம் சரிந்தது. அங்கே செல்வம் அண்ணை தன்னந்தனியாகக் கை உயர்த்தியபடி. கிட்ட ஒரு குருவியும் இல்லை. நான் படித்த பாடம் கண்முன்னே அப்படியே நடந்துகொண்டிருந்தது. பந்து என் காலில். நான் அவரைக் கண்டேன். கண்டும் பக்கத்தில் நின்றவனுக்கே தட்டினேன். ஒருமுறை இல்லை, முழு ஆட்டமும். நான் சொன்னதை நானே நம்பவில்லை என்பதுதான் உண்மை. ஒரு கோலால் தோற்றோம்.

திரும்பும்போது காரில் மெல்லக் கேட்டார்: "என்னைக் காணேல்லையோ தம்பி?"

"வெயில் கண்ணுக்குள்ளை அடிச்சுது அண்ணை."

அதோடு அவர் விளையாட்டை விட்டார். பிறகு தலைநகருக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் தன் மகளோடு போய் இருந்தார். ஆனாலும் தொலைக்காட்சியில் பெரிய ஆட்டம் முடிந்தால் தொலைபேசியில் அழைப்பார். "பார்த்தியே, அந்தப் பொடியன் கோட்டை விட்டு அசையேல்லை. நீ அப்பவே சொன்னனி!" ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசும். போன மாரியில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, உங்கடை கால் ஏலாதெண்டுதான் அங்கை விட்டனாங்கள். அண்டைக்கு வெயிலும் அடிக்கேல்லை. நான் உங்களைக் கண்டனான்."

அண்ணை தன் பக்கத்துத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

"கால் விசயம் எனக்கு அப்பவே தெரியும். இடம் சரியான இடம் எண்டுதான் நிண்டனான். கண்டும் தரேல்லை எண்டது மட்டும் தெரியாது தம்பி."

நாங்கள் பயிற்சி எடுத்த புல்வெளியில் இப்போது காற்றாலை இறகுகளை அடுக்கியிருக்கிறார்கள். அணியும் இல்லை. பெரிய ஆட்டங்கள் முடிகின்றன, தொலைபேசி அடிப்பதில்லை. எடுத்துப் பேச எனக்கும் துணிவு வரவில்லை.