மூன்று புள்ளி ஒன்று

1973ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி, திங்கட்கிழமை. விடியுமுன் எழுந்து மாடுகளைக் கறந்தேன். தவிடும் பிண்ணாக்கும் கரைத்து வைத்தேன். சிவலைப் பசுவின் பாலை மனைவி வழக்கம்போல் வீட்டுக்கென்று எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயில் விளக்குக்கு நாங்கள் கொடுக்கும் நெய் அந்தப் பாலில்தான் வரும். மற்றப் பாலை வடித்துத் தகரக் கானில் ஊற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் சுருவிலிலிருந்து பால் சங்கத்துக்குப் புறப்பட்டேன். நல்ல பனி.

அன்று என் பாலை மீண்டும் சோதிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

முந்தின வாரம் சங்கத்துப் பலகையில் என் பாலின் கொழுப்பு 3.1 என்று எழுதியிருந்தது. அதுவரை நாலரைக்குக் கீழே போனதில்லை. மூன்றரைக்குக் குறைந்தால் எச்சரிக்கை, மறுமுறையும் குறைந்தால் பால் எடுக்கமாட்டார்கள் என்பது சங்கத்தின் சட்டம். அதைவிடப் பெரிய கேடு, ஊர் வாய். பலகையைப் பார்த்த பக்கத்து வீட்டு வளவுக்காரர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"என்ன அண்ணை, சாமிக்கு நெய், சங்கத்துக்கு மோரோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து சங்க முகாமையாளருக்குக் கடிதம் எழுதினேன். வெண்ணெய் எடுத்த பாலில், அடர்த்தி பார்க்கும் பால்மானி ஏறும், தண்ணீர் விட்ட பாலில் இறங்கும், என் பாலில் அது தினமும் ஒரே அளவில் நின்றிருக்கிறது, ஆகவே என் முன்னிலையில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று எழுதினேன்.

திங்கள் காலை முகாமையாளர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கடிதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வெண்ணெயையும் எடுத்து, தண்ணியையும் விட்டால் மானி அசையாதே. அது உங்களுக்குத் தெரியாதோ?"

அதை நான் யோசிக்கவில்லை. "அப்ப மானியை விடுங்கோ. போத்தலைக் காட்டுங்கோ" என்றேன்.

ஒவ்வொருவருடைய பாலிலும் தினமும் ஓர் அகப்பை எடுத்து, கெடாமலிருக்க மருந்துக் குளிசை போட்ட போத்தலில் சேர்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில்தான் கொழுப்புப் பார்ப்பது. பரிசோதகர், இருபத்தைந்து வயதுப் பொடியன், முந்தின வாரம் சோதித்து மிச்சம் வைத்திருந்த என் போத்தலை எடுத்து வந்தார். கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஆடை கட்டி, கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.

"தம்பி, அண்டைக்கு இதைச் சூடாக்கினனீரோ?"

"இல்லை அண்ணை. குலுக்கிப்போட்டு எடுத்தனான்."

"இந்தப் பனியிலை குலுக்கினால் ஆடை கரையுமோ? உம்மடை குழாயிலை அடிப்பால்தான் ஏறியிருக்கும்."

முகாமையாளர் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். போத்தலைச் சுடுதண்ணீரில் இறக்கினோம். ஆடை இளகி வழிந்தது. பரிசோதகர் அதை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கி ஆறவிட்டார். சோதனைக் குழாயில் அமிலத்தை விட்டு, அதன்மேல் பாலையும் சிறிது மதுசாரத்தையும் அளந்து விட்டு அடைத்துக் குலுக்கினார். பால் கபில நிறமானது. கைச்சக்கரத்தில் வைத்துச் சுழற்றி, மறுபடி சுடுதண்ணீரில் வைத்து எடுத்து, மேலே திரண்ட நெய்யின் அளவைப் பார்க்கக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ஐஞ்சு தசம் ஆறு!"

5.6 என்றதும் வாசலில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். பக்கத்து வளவுக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"இதுவும் பிழை" என்றேன்.

முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கூடிவந்தாலும் வழக்கோ?"

"ஓம். முதல் சோதினைக்கு அடிப்பாலை எடுத்தாச்சு. ஆடை முழுக்க மிச்சத்திலை நிண்டுட்டுது. அப்ப இது கூடத்தான் காட்டும். இண்டைக்குக் கொண்டுவந்த கான் வெளியிலை நிக்குது. நீங்களே கலக்கி எடுங்கோ."

அவரே போய்க் கானை அடிவரை கலக்கி, அகப்பையில் எடுத்து வந்தார். இம்முறை இரண்டு குழாய்கள். சக்கரம் சுழன்று நின்றது. இரண்டிலும் மஞ்சள் நெய் ஒரே கோட்டில் நின்றது.

"நாலு தசம் எட்டு" என்று முகாமையாளரே வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐஞ்சு தசம் ஆறைக் கண்டதும் ஆரும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பினம். வெண்ணெய் களவெடுக்கிற ஆள் அதை வேண்டாமெண்டு சொல்லமாட்டான்" என்றார்.

பலகையில் 3.1 ஐ அவரே அழித்து 4.8 என்று பெரிதாக எழுதினார். பக்கத்து வளவுக்காரர் என் கானைத் தானாகவே தூக்கி உள்ளே வைத்தார்.

"அண்ணை, என்ரை போத்தலையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோவன். எனக்கும் இந்தமுறை கொஞ்சம் இறங்கித்தான் கிடக்கு."

"மோர்தானே, அதிலை என்ன பாக்கக் கிடக்கு?" என்றேன். அன்று சிரித்தவர்கள் இன்றும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

வீடு வரும்வரை எதிர்க்காற்று. ஆனால் சைக்கிள் பறந்தது.

மறுநாள் காலை நான் சங்கத்துக்குப் போனபோது, பால் அளக்க முன்னரே, முதல் வேலையாகப் பரிசோதகர் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து எல்லாருடைய போத்தல்களையும் அதன் அருகே அடுக்கிக்கொண்டிருந்தார்.