ஐந்து வரிசை தள்ளிப்போன வெயில்

ஒலக்கூர் வேளாண்மை அலுவலகத்தில் நான் உதவி அலுவலராக இருந்தபோது, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை விதை எங்களுக்கு எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். கார்த்திகைக் கடைசியில் வந்தால் மார்கழியில் விதைக்கலாம். தை முடிந்து வந்தால், காய் பிடிக்கிற நேரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் அந்த வருடம் விதையின் முதல் லோடு எங்களுக்குத்தான் வேண்டும் என்று விழுப்புரம் கூட்டத்தில் கேட்க முடிவு செய்தேன். வெறும் வாயால் கேட்டால் எடுபடாது, வரைபடம் வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

மழைக்கணக்கு எங்கள் பதிவேட்டிலேயே இருந்தது. வெப்பநிலைப் பட்டியலைத் திண்டிவனத்தில் ஒரு பண்ணையிலிருந்து மெயிலில் வாங்கினேன். இரண்டையும் எக்செல்லில் போட்டதும் எல்லாம் தூண்களாக வந்தன. மழை முந்நூறு மில்லிமீட்டர் வரை போகிறது, வெப்பம் முப்பது டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. ஒரே அளவுகோலில் வெப்பத் தூண்கள் குட்டையாகத் தரையோடு கிடந்தன. சார்ட் வகையை, தூணும் கோடும் சேர்ந்து வரும் காம்போவாக மாற்றி, வெப்பத்தைக் கோடாக்கி, அதற்கு மட்டும் செகண்டரி ஆக்சிஸ் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். வலப்பக்கம் டிகிரிக்குத் தனி அளவுகோல் முளைத்தது. கோடு நிமிர்ந்து வளைந்தது. இடப்பக்கம் மி.மீ., வலப்பக்கம் டிகிரி என்று தலைப்பு வைத்தேன். நீலத் தூண்கள், சிவப்புக் கோடு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது விதைக்குப் பெயர் கொடுக்க ஓர் அக்கா வந்திருந்தார். ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் பார்த்த பழக்கமோ என்னவோ, திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், அக்டோபர்ல போயி கோடு இம்மாம் மேல ஏறிக்கினு இருக்குது? அப்ப மழைதான பெய்யும்?"

"அக்கா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க."

அவர் போட்டுவிட்டுப் போனார். யாராவது குறை சொல்லிக் கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும், சொன்னது உள்ளே போகாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

மறுநாள் விழுப்புரத்தில் என் படம் சுவரில் விழுந்தது. மார்கழி விதைப்புக்கு ஏன் அவசரம் என்று கணீரென்று சொல்லிக்கொண்டே போனேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி கையை உயர்த்தினார்.

"உங்க ஊர்ல அக்டோபர்லதான் கத்திரி வெயிலாம்மா? ஜனவரிக்கு அப்புறம் கோடு எறங்கிக்கினே போவுது. மே மாசம் குளுந்து கெடக்குது. இந்தப் படத்தப் பாத்தா உங்களுக்கு வெதை லேட்டா வந்தாத்தான் நல்லது போலருக்கே!"

கூடம் முழுக்கச் சிரிப்பு.

அங்கேயே புரிந்துவிட்டது. எங்கள் மழைப் பதிவேடு ஜூனில் தொடங்கி மே மாதத்தில் முடியும், வேளாண் ஆண்டுக் கணக்கு அது. பண்ணை அனுப்பிய பட்டியலோ ஜனவரியில் தொடங்குவது. நான் மாதப் பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஒட்டியிருந்தேன். எக்செல் மாதம் எல்லாம் பார்க்காது, வரிசையைத்தான் பார்க்கும். ஐந்தாவதாக இருந்த மே மாத வெயில், மழைப் பதிவேட்டில் ஐந்தாவதாக இருந்த அக்டோபரின் தலைமேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"சார், ரெண்டே நிமிஷம்" என்றேன். ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து எண்களை வெட்டி, டிசம்பருக்குக் கீழே ஒட்டி, மேலே விழுந்த காலி இடத்தை நீக்கினேன். கோடு சரியாக விழுந்தது. நவம்பரில் மழைத் தூண் உயரம், டிசம்பரில் மழையும் குறைந்து கோடும் தாழ்வு, மார்ச்சிலிருந்து கோடு கிடுகிடுவென்று ஏற்றம். நான் கேட்டது அப்படியே படத்தில் இருந்தது. ஆனால் அதற்குள் பக்கத்து ஒன்றியத்துக்காரர் எழுந்து தன் விதைத் தேவைப் பட்டியலைக் கொடுத்து முடித்திருந்தார். "அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கினு வாங்க" என்றார் அதிகாரி. முதல் லோடு அவர்களுக்குப் போனது.

எங்கள் விதை தை பிறந்து பல நாள் கழித்துத்தான் வந்தது. பெயர் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தேன். அந்த அக்காவுக்குச் செய்யும்போது, மேலிடத்தில் தாமதம் என்று வாய்வரை வந்தது. சொல்ல மனசு வரவில்லை.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. படத்தத் தப்பாப் போட்டு நான்தான் கெடுத்துட்டேன். இப்ப வெதை வந்திருக்கு, வர்றீங்களா?"

"வந்து இன்னா மேடம் பண்றது? ஈரம் வீணாப் போவுதேன்னு உளுந்து போட்டுட்டேன். மொளச்சி நாலு எல வுட்டுடுச்சி. நீங்க போன் பண்ணதே போதும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம் வயல் கணக்கெடுப்புக்கு அவர் ஊருக்குப் போனேன். அவர் நிலத்துக்கு நேரே உளுந்து என்று என் கையால் பதிந்துவிட்டு, அவர் வீட்டுப் பக்கம் போகாமல் பஸ் ஏறினேன்.